நாயின் மூக்கு தப்பவில்லை, மரம்தான் தப்பியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையில், ‘பார்க்கிங் அப் த ராங் ட்ரீ’, அதாவது தவறான மரத்தைப் பார்த்துக் குரைப்பது, தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் தேடுவது என்ற பொருளில் வரும் தொடருக்கு நம்முடைய ‘சூரியனைப் பார்த்து நாய் குரைத்தாற்போல’ என்பதை இணையாகக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். இரண்டிலும் நாய் இருக்கிறது, குரைப்பு இருக்கிறது, அண்ணாந்த பார்வையும் இருக்கிறது. ஒற்றுமை அத்தோடு தீர்ந்தது. நம் பழமொழி, எட்ட முடியாத உயரத்தில் இருப்பவரைத் தூற்றும் அற்பனைப் பற்றியது. ஆங்கிலத் தொடரில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. அது ஒரு வேட்டைக் கணக்கு. முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த நானும் அதை வெகுகாலம் பூனையைத் துரத்தும் தெருநாயாகத்தான் கற்பனை செய்திருந்தேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் தெளிவு பிறந்தது.

ஆங்கிலத் தொடரில் வரும் நாய் துரத்துவது ரக்கூனை. பூனையைவிடச் சற்றுப் பெரிதாக, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி கட்டியதுபோல் இருக்கும் இரவு விலங்கு. பெயரே அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது; கைகளால் தேய்ப்பது, சுரண்டுவது என்பது அதன் பொருள். அதன் தோலுக்கு ஒரு காலத்தில் நல்ல விலை இருந்தது. துரத்தினால் மரமேறிவிடும். நாயால் ஏற முடியாது. ஆகவே மரத்தடியில் நின்று, ஆள் வந்து சேரும்வரை குரைத்துக்கொண்டே இருக்கும்படி நாய்களைப் பழக்கினார்கள். இதற்கென்றே தனி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயரிலேயே ‘ட்ரீயிங்’, அதாவது மரமேற்றுவது என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மகனின் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒரு நாய் வளர்த்தார். துப்பாக்கி இல்லாமல், நாய்க்கு வெறும் பயிற்சிக்காக அவர் காட்டுக்குக் கிளம்பிய ஓர் இரவில் நானும் ஒட்டிக்கொண்டேன். நாயை அவிழ்த்துவிட்டதும் அது இருட்டில் மறைந்தது. அவர் அதன் பின்னால் ஓடவில்லை. ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். வேட்டை முழுக்கக் காதால்தான் நடக்கிறது. மோப்பம் பிடித்துத் தடத்தில் போகும்போது நாயின் குரல் ஊளைபோல நீண்டு வரும். மரத்தடிக்கு வந்துவிட்டால் குட்டையாக, மூச்சுவிடாமல், வெட்டி வெட்டிக் குரைக்கும். குரல் மாறிய அந்தக் கணத்தில் அவர் எழுந்தார். முள்ளும் சேறுமாக அரை மணி நேரம் நடந்தோம்.

நாய் ஓர் ஓக் மரத்தில் முன்கால்களை ஊன்றி, தலையை நிமிர்த்திக் குரைத்துக்கொண்டிருந்தது. அவர் விளக்கை மேலே பாய்ச்சி, கிளை கிளையாகத் தேடினார். ரக்கூன் இருந்தால் வெளிச்சத்தில் கண்கள் மின்னும். ஒன்றும் மின்னவில்லை. மரத்தைச் சுற்றிவந்து மறுபடி பார்த்தார். பொந்து இல்லை, அடர்ந்த இலையும் இல்லை. ‘ஸ்லிக்’ என்று முனகினார். வழவழப்பான வெறும் மரம். ஆளில்லா மரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

நாய் பொய் சொல்லவில்லை. ரக்கூன் ஒரு மரத்தில் கொஞ்சம் ஏறி, எட்டிக் குதித்து வேறு பக்கம் போய்விடும். அல்லது கிளை வழியாகவே அடுத்த மரத்துக்கு மாறிவிடும். வாசனை மட்டும் அடிமரத்தில் தங்கிவிடும். அனுபவமுள்ள நாய், குரைக்கும் முன் மரத்தைச் சுற்றி ஒரு வட்டமடித்து, வேறு தடம் வெளியே போகிறதா என்று முகர்ந்து பார்க்கும். அவசரக்கார நாய் முதல் மரத்திலேயே நின்றுவிடும். இன்றும் நடக்கும் இரவு வேட்டைப் போட்டிகளில், வெறும் மரத்தில் குரைத்த நாய்க்கு மதிப்பெண் கழிப்பார்கள். பொந்தோ இலைச்செறிவோ மறைத்து, ரக்கூன் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாவிட்டால் கூட்டவும் மாட்டார்கள், கழிக்கவும் மாட்டார்கள். எவ்வளவு நியாயமான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

இந்த மரபுத்தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தேடப்படும் பொருள் உண்மையில் உண்டு, தடமும் உண்டு, உழைப்பும் உண்டு. கடைசி முடிவு மட்டும் ஒரு மரம் தள்ளி விழுந்துவிட்டது. நம்மில் சிலர் ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பதை இதற்கு ஈடாகச் சொல்வதுண்டு. அதுவும் முழுதாகப் பொருந்தாது. அம்பு உண்மையிலேயே தைத்தது. ஓக் மரமோ ஒரு பாவமும் அறியாதது.

கட்டுரையாளர் இத்தொடரை டேவி கிராக்கெட் உருவாக்கினார் என்றும் எழுதியிருக்கிறார். டென்னசியின் புகழ்பெற்ற எல்லைப்புற வீரரும் அரசியல்வாதியுமான அவரைப் பற்றி 1833இல் வந்த நூலில் இது இருப்பது உண்மை. ஒருவனைத் திட்டும்போது, தவறான மரத்தடியில் குரைக்கும் கிழட்டு வேட்டைநாயைப்போல, உலகிலேயே மிக அற்பமான ஜீவன் என்கிறார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1832இல், ஜேம்ஸ் கிர்க் பால்டிங் எழுதிய ‘வெஸ்ட்வேர்ட் ஹோ!’ நாவலில் அது வந்துவிட்டது. அங்கே ஒருவன், கென்டக்கியைப் பற்றிப் புத்தகம் எழுத வந்து எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்ளும் பயணி ஒருவரைச் சந்திக்கிறான். கொஞ்சம் தவறான மரத்தில் குரைக்க விடுவோமே என்று கட்டுக்கதைகளை அவிழ்த்துவிடுகிறான். அவர் அத்தனையையும் எழுதிக்கொள்கிறார். இரண்டு நூல்களுமே தொடருக்கு விளக்கம் தரவில்லை. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது முன்பே வாய்மொழியில் புழங்கியிருக்க வேண்டும்.

பால்டிங் வாக்கியத்தில் எனக்குப் பிடித்தது, ஏமாற்றுகிறவன் ஒருவன் இருப்பது. அந்த ரக்கூன்வேலையை இன்றைய ஆங்கிலம் மறந்துவிட்டது. இப்போது தவறு செய்தவர் மட்டுமே மிச்சம். தடத்தைக் கலைத்தவரைக் காணோம். கிராக்கெட்டின் வசைக் காரமும் குறைந்துவிட்டது. அலுவலகத்தில் மேலதிகாரியிடமே ஒருவர் புன்னகையோடு இதைச் சொல்லிவிட முடிகிறது.

தமிழில் அப்படிச் சொல்லிப் பாருங்கள். கட்டுரையாளரே தரும் எடுத்துக்காட்டு, ‘போலீசார் தவறான மரத்தைப் பார்த்துக் குரைத்தனர்’ என்பது. ஆங்கிலத்தில் அது சாதாரண விமர்சனம். தமிழில் காவல்துறையை நாய் என்று சொன்னதாகிவிடும். மரம் எதற்கு வந்தது என்று வாசகர் விழிப்பதும் தனி. நாயையும் மரத்தையும் அமெரிக்கக் காட்டிலேயே விட்டுவிட்டு, விசாரணையானால் ‘தடம் மாறிவிட்டது’ என்றும், குற்றச்சாட்டானால் ‘ஆள் மாறிவிட்டது’ என்றும், தேடலானால் ‘தேட வேண்டிய இடம் இதுவல்ல’ என்றும் எழுதினால் போதும்.

அன்றிரவு பக்கத்து வீட்டுக்காரர் நாயைத் திட்டவில்லை. வாரைப் பூட்டி, ஓக் மரத்திலிருந்து இழுத்துக்கொண்டு நடந்தார். அது திரும்பித் திரும்பி அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தது.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
மன்னார்குடி