தம்பி, இந்த ரெஸ்யூமேவை நான் அனுப்பப் போவதில்லை

தம்பி,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. நம்மோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள், அதனால் கம்பெனிப் பெயரும் வராது. ரெஃபரல் கேட்டு நீ அனுப்பியதற்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எப்படிச் சொன்னாலும் உனக்கு வலிக்கும் என்றுதான் இழுத்தேன், அதோடு எனக்கு மாதக் கடைசி வேலையும் இருந்தது. இப்போது முடிவு செய்துவிட்டேன்: இருக்கிற வடிவில் அதை அனுப்ப மாட்டேன்.

அந்த வேலைக்குக் கேட்பது SAP-ல் கொள்முதலையும் ஸ்டாக்கையும் பார்க்கும் எம்எம் மாட்யூல் கான்ஃபிகரேஷன், யூசர் ட்ரெய்னிங், கோ-லைவ் வரை போன ப்ராஜெக்ட். உன் முதல் பக்கத்தில் இருப்பதோ ME21N, MIGO, MIRO என்று ஸ்க்ரீனைத் திறக்க அடிக்கும் டீகோட் வரிசை. அதையெல்லாம் ஸ்டோர்ஸில் இருப்பவரும் தினமும் அடிக்கிறார், கான்ஃபிகரேஷனுக்கு அது எப்படிச் சாட்சியாகும்?

பர்ச்சேஸ் ஆர்டர் ரிலீஸ் ஸ்ட்ராட்டஜியை எடுத்துக்கொள். ஒரு லட்சம் வரை பர்ச்சேஸ் மேனேஜர், அதற்கு மேல் பிளாண்ட் ஹெட்டும் ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். CEKKO-வில் மதிப்பையும் பிளாண்டையும் வைத்து நீதான் கட்டினாய். டெஸ்டிங்கில் ஒரு ஓட்டை தெரிந்தது. ஒப்புதல் ஆகி, சப்ளையருக்கு இன்னும் அனுப்பாத இரண்டு லட்ச ஆர்டரை பையர் மூன்று லட்சமாக்கினால், அது மறுபடி ஒப்புதலுக்குப் போகவில்லை. ரிலீஸ் இண்டிகேட்டரில் 3 இருந்தது; ஸ்ட்ராட்டஜி மாறினால்தான் அது திரும்பக் கேட்கும், இங்கே இரண்டு மதிப்புமே அதே ஸ்ட்ராட்டஜிக்குள் வருகின்றன. நீ அதை 4 ஆக்கி, எத்தனை சதவீதம் ஏறினால் மறு ஒப்புதல் என்பதையும் கிளையண்டிடம் கேட்டுப் போட்டாய். தேவை, நீ கட்டியது, டெஸ்டிங்கில் உடைந்தது, சரிசெய்த விதம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். இண்டர்வியூவில் அடுத்த கேள்வியும் அங்கிருந்துதான் வரும், அதற்கு உன்னிடம் பதிலும் இருக்கிறது.

2019 ஏப்ரல் 1, நம் கோ-லைவ் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். கேட்டில் காஸ்டிங் லாரி நிற்கிறது, சரக்கு வந்ததைப் பதிய முதல் ஜிஆர்என் போட்டால் MIGO-வில் `Posting only possible in periods 2018/12 and 2018/11` என்று சிவப்பு. ஃபைனான்ஸ்காரர் OB52-ல் பீரியட் திறந்துதான் இருக்கிறது என்று சத்தம் போடுகிறார், பிளாண்ட் ஹெட் என்னைப் பார்க்கிறார், எனக்கோ ஒன்றுமே ஓடவில்லை. நீ மெதுவாக, "அக்கா, அது அவங்க பீரியட். நம்ம எம்எம் பீரியட் இன்னும் மார்ச்சிலயே நிக்குது" என்றாய். மார்ச் 31 தேதியில் 561 போட்டு ஆரம்ப ஸ்டாக் ஏற்றியதோடு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. எம்எம் பீரியடை ஏப்ரலுக்கு நகர்த்த MMPV ஓட்டியதும் லாரி உள்ளே வந்தது. அன்று உன்னைப் பற்றி எனக்கிருந்த பெருமை சொல்லி முடியாது. அதை நீ ரெஸ்யூமேவில் எப்படி எழுதியிருக்கிறாய்? 'கட்ஓவர் பணிகளில் பங்கேற்றேன்.' பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவனும் பங்கேற்றவன்தானடா!

அப்புறம் அதே மாதம், கோ-லைவுக்குப் பிறகு கூடவே இருந்து பார்க்கும் ஹைப்பர்கேர் முடியாமல், பேப்பர் போட்டுவிட்டுப் போனாய். எனக்கே எச்ஆர் மெயிலில்தான் தெரியும். உனக்கு வீட்டில் பணத் தேவை இருந்தது, தெரியும். அதற்கு மேல் இங்கே எழுதக் கூடாது. ஆனாலும் இன்னும் எரிகிறது.

ட்ரெய்னிங்குக்கு வருகிறேன். 'எண்ட் யூசர் ட்ரெய்னிங் கொடுத்தேன்' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நீ ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு ஷிஃப்ட் வாரியாக, டம்மி டேட்டாவில் இல்லாமல் அவர்களுடைய டெலிவரி சலானை வைத்தே சொல்லிக்கொடுத்தாய். ஒரே பக்கத்தில் ஸ்க்ரீன் படம் போட்டுத் தமிழில் குறிப்பு ஒட்டினாய். அது பிடித்ததா என்று பார்க்க MB51-ல் 102 எத்தனை என்று வாராவாரம் எடுப்போமே, தப்பாகப் போட்ட ஜிஆர்என்னை ரத்து செய்தது எல்லாம் அதில் வரும். அது குறைந்துகொண்டே வந்ததை எழுது. எண் நினைவில்லையென்றால் எண் போடாதே, எப்படி அளந்தாய் என்பதை மட்டும் எழுது.

கடைசியாக, 'மூன்று முழு இம்ப்ளிமென்டேஷன்'. ஒன்று முழுசு. ஒன்று ரோல்அவுட், டெம்ப்ளேட்டில் கான்ஃபிகரேஷன் முன்பே இருந்தது. மூன்றாவது சப்போர்ட், டிக்கெட் வேலை. கட்ஓவரில் பாதி சரக்கு வந்த ஆர்டரை எப்படி ஏற்றினாய் என்று கேட்டால், முதல் ப்ராஜெக்டில் மீதி அளவை மட்டும் ஏற்றியதைச் சொல்வாய். அதையே மூன்றாவதில் கேட்டால் என்ன சொல்வாய்? மூன்றையும் தனித்தனிப் பெயரில் போடு. முழுசாக ஒன்றே பார்த்திருந்தாலும் இந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

திருத்தி அனுப்பு, அன்றைக்கே ஃபார்வர்ட் செய்கிறேன். அங்கே ஆளெடுப்பவர் எனக்குத் தெரிந்தவர். நீ நடுவில் போனதைப் பற்றி அவர் கேட்டால் மறைக்க மாட்டேன், MMPV கதையையும் சேர்த்தே சொல்வேன்.

அக்கா