பிள்ளைகளுக்கு வண்டி கொடுக்கும் டெல்டா பெற்றோருக்கும் தாய்மாமன்மாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் மாமன்மாருக்கும், வணக்கம்.

மன்னார்குடியில் பல ஆண்டுகளாக வாகனக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். தை பிறந்து சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் நம் பக்கத்து வீடுகளில் வண்டிகள் கை மாறத் தொடங்கிவிடும். தந்தை புதுக் கார் எடுப்பார், பழைய காரை மகளிடம் கொடுப்பார். கல்லூரி முடித்த மருமகனுக்கு மாமன் தன் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பார். சாவியோடு ஆர்.சி.யும் காப்பீட்டுத் தாளும் போய்விடும். அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர், திருவாரூரில் ஆசிரியையாக இருக்கும் மகளுக்குத் தம் காரைக் கொடுத்தார். எதையும் முறையாகச் செய்பவர் அவர். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யை மகள் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். காப்பீடு ஆவணி வரை இருந்ததால், புதுப்பிக்கும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

மாசியில் ஓர் இரவு, நீடாமங்கலம் தாண்டி கொரடாச்சேரியை நெருங்கும்போது, சாலையில் பாதியை மறித்துக் காயப்போட்டிருந்த நெல்லையும் அதைச் சுற்றி வைத்திருந்த கற்களையும் தவிர்க்க மகள் வண்டியை ஒடித்திருக்கிறார். எதிரே வந்த சைக்கிள்காரரை இடித்துவிட்டு கார் வாய்க்காலில் இறங்கியது. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லை. சைக்கிள்காரருக்குக் கால் முறிவு. காரைச் சீர்செய்ய 1,40,000 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் மதிப்பிட்டார்கள்.

மதிப்பீட்டாளர் வந்து ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆர்.சி.யில் மகள், பாலிசியில் தந்தை. கார் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. "பெற்ற மகளுக்குத்தானே கொடுத்தேன், அந்நியருக்கா விற்றேன்?" என்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டபோது, பதில் தெரிந்தும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் இதுதான். காப்பீடு என்பது நிறுவனத்துக்கும் ஒரு மனிதருக்கும் இடையிலான ஒப்பந்தம். வண்டியின் மீது உரிமை உள்ளவருக்குத்தான் அது சேதமானால் இழப்பு ஏற்படும். பெயர் மாறிய நாளில் தந்தைக்கு அந்தக் கார் மீதிருந்த உரிமை போய்விட்டது. மகளுக்கு உரிமை வந்தது, ஆனால் அவரோடு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இல்லை. ஆக, கேட்கும் தகுதி இருவருக்குமே இல்லாமல் போனது. விற்றாலும் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் இதில் வேறுபாடு கிடையாது.

சைக்கிள்காரரின் நிலை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆவது பிரிவுப்படி, வண்டி கை மாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே புதிய உரிமையாளருக்குப் போய்விட்டதாகக் கருதப்படும். அவருக்கான இழப்பீட்டை நிறுவனம் ஏற்க வேண்டும். இந்தச் சலுகை சொந்த வண்டியின் சேதத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தெளிவாக்கிவிட்டது. "இன்சூரன்ஸ் வண்டியோடு போகும்" என்று நம் ஊரில் சொல்வது பாதி உண்மைதான்.

கை மாறிய 14 நாட்களுக்குள், வண்டியைப் பெற்றவர் நிறுவனத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கொடுத்தவரின் சம்மதக் கடிதம், படிவம் 29இன் நகல், பெற்றவர் நிரப்பிய புதிய முன்மொழிவுப் படிவம், சிறு கட்டணம், இவ்வளவுதான் வேலை. புது ஆர்.சி. அட்டை தபாலில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பித்ததற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைத் தள்ளிப்போட வைப்பது, கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி பற்றிய தயக்கம். அந்தத் தள்ளுபடி பாலிசி எடுத்த மனிதருக்குச் சேர்ந்தது, வண்டிக்குச் சேர்ந்ததல்ல. அந்தப் பெரியவருக்கு 50 சதவீதத் தள்ளுபடி இருந்தது. அது மகளுக்குப் போகாது. அவர் சான்று வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்குள் தாம் வாங்கும் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். மகள் தள்ளுபடி இல்லாமல் தொடங்கி, மீதமுள்ள மாதங்களுக்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். சொந்தச் சேதப் பகுதிக்கு முழுப் பிரீமியம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தந்தை கட்டியது 4,500. இன்னும் ஆறு மாதம் இருந்தால் மகள் கட்ட வேண்டியது ஏறக்குறைய 2,250 ரூபாய். அந்தத் தொகை கட்டப்படாததால் 1,40,000 ரூபாய் கைப்பணத்திலிருந்து போனது.

அப்படியானால் ஆர்.சி.யையும் மாற்றாமல் விட்டுவிட்டால் இரண்டும் ஒரே பெயரில் இருக்குமே என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மருமகன் பாலிசியைப் புதுப்பிக்க மறந்து யாரையாவது இடித்தால், வழக்கு மாமன் வீட்டு வாசலுக்கு வரும். அதோடு, 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஓட்டுநர் உரிமம் உள்ள பதிவு உரிமையாளருக்கானது. பிள்ளை ஓட்டும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டாமா?

வருமான வரி பற்றிய பயம் எனக்குத் தெரிந்தவரை வீண். பெற்றோர், வாழ்க்கைத்துணை, உடன்பிறந்தோர், தாய்மாமன், அத்தை ஆகியோரிடமிருந்து வரும் அன்பளிப்புக்கு, தொகை எவ்வளவானாலும், வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை. சித்தப்பா மகனும் பெரியம்மா மகனும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்கள் கார் வாங்கவென்று ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் பணமாகத் தந்தால் வாங்கியவருக்கு வரி உண்டு. யார் கொடுத்தாலும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வண்டியை அன்பளிப்பாகத் தர பத்திரப்பதிவு தேவையில்லை, ஒப்படைத்தாலே போதும். ஆனாலும் பணம் பெறவில்லை என்று நாளிட்டு எழுதிய ஒரு கடிதம் இருவரிடமும் இருக்கட்டும்.

வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. கடனை முடித்து, நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35ஐ முதலில் வாங்குங்கள்.

மாநிலத்துக்குள் கொடுத்தால் கட்டிய ஆயுள் வரியே போதும். நாகூர் தாண்டி வாஞ்சூரைக் கடந்தால் கதை மாறுகிறது. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. அங்கே மணமாகிப் போன பெண்ணுக்கு நாகப்பட்டினத்துத் தந்தை கார் கொடுத்தால், படிவம் 28 வழியாக இங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டி அங்கே இருந்தால் புதுப் பதிவெண்ணும் அந்தப் பகுதியின் வரியும் உண்டு. எண் மாறினால் பாலிசியிலும் மாற்ற வேண்டும். அந்தப் பெண் ஓட்டத் தொடங்குவதற்கு முன் பாலிசியில் அவர் பெயர் ஏறிவிட்டதா என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டு விடுங்கள்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து ஒரு காப்பீட்டு முகவர்