தடுப்பூசி நிலையங்களும் அறிவித்தல்களும் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி ஒழுங்குசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர், மாற்றுத்திறனாளிகள் கிராமக் குழு,
படுவான்கரை, மட்டக்களப்பு.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
மட்டக்களப்பு.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

நான் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். 2021இல் கொவிட் ஊசி போடப் போன நாளில் நடந்ததைச் சொன்னால் நாங்கள் கேட்பது என்ன என்று விளங்கும்.

அன்றைக்கு நிலையம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில். வாசலில் மூன்று படிகள். நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்று இரண்டு தம்பிமார் முன்வந்தார்கள். ஒருமுறை அப்படித் தூக்கும்போது விழுந்தவள் நான், அதனால் மறுத்தேன். தாதி வெளியே வந்து வேப்பமரத்தடியில் ஊசி போட்டார். அவருக்கு நன்றி. ஆனால் ஊசி போட்டபின் அரை மணிநேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எல்லோரும் உள்ளே விசிறிக்குக் கீழே இருந்தார்கள், நான் வெளியே தனியாக இருந்தேன். எனக்கு மயக்கம் வந்திருந்தால் கண்டிருக்க யாரும் இல்லை.

என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காது கேட்காது. முகாம் நடப்பதை ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். உள்ளே இலக்கத்தை வாயால் கூப்பிட்டார்கள். அவருடைய இலக்கம் எப்போது போனதென்றே தெரியாமல் மத்தியானம் வரை இருந்தார். பின்விளைவுகளையும் வாயால்தான் சொன்னார்கள், முகக்கவசம் போட்டிருந்ததால் உதட்டைப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. இரவு காய்ச்சல் வந்ததும் பயந்துபோனார். காய்ச்சல் வரலாம், பனடோல் போடலாம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரவு அவருக்கு நிம்மதியாகக் கழிந்திருக்கும். அடுத்த ஊசிக்கு அவரை அழைத்துப்போக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள், நிலையத்தைத் தெரிவுசெய்யும்போதே ஒருவர் அளவுநாடாவோடு போய்ப் பார்க்க வேண்டும் என்பது. படி ஒன்று ஆறு அங்குலம் என்றால் மூன்று படிக்குப் பதினெட்டு அங்குல உயரம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் பதினெட்டு அடி சாய்வுப் பாதை வேண்டும். நாலடிப் பலகையைச் சாத்திவிட்டால் நாற்காலி பின்னோக்கிச் சாயும், தள்ளுபவரும் சறுக்குவார். அவ்வளவு நீளத்துக்கு இடமில்லையென்றால் படியில்லாத பாடசாலை வகுப்பறை ஒன்றைத் தேர்ந்தால் போதும், செலவும் இல்லை. கதவின் அகலத்தையும் மலசலகூடத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அறிவித்தல் பற்றி. ஒலிபெருக்கி காது கேட்காதவருக்கு எட்டாது, கிராம சேவகர் அலுவலகச் சுவரில் ஒட்டும் தாள் கண் தெரியாதவருக்கு எட்டாது. வட்ஸ்அப்பில் வரும் அறிவித்தல் பெரும்பாலும் ஒரு படம். கண் தெரியாதவர்கள் பலர் தொலைபேசி வாசித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் அறிகிறார்கள். அவர்களுக்குப் படத்துக்குள் இருக்கும் திகதியும் இடமும் கிடைப்பது நிச்சயமில்லை. படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்புங்கள். காது கேட்காதோருக்கு சைகை மொழியில் ஒரு நிமிடக் காணொளி வேண்டும், ஏனெனில் அவர்களில் பலருக்கு எழுத்துத் தமிழ் சரளமில்லை. நிலையத்தில் இலக்கத்தைப் பலகையில் எழுதிக் காட்டவும், ஊசிக்குப் பிந்திய அறிவுரையைப் படம் போட்ட அட்டையாகக் கொடுக்கவும் வேண்டும்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு நிலையம் எப்படி அமைந்தாலும் பயனில்லை, வீட்டுக்குத்தான் வர வேண்டும். அதில் உள்ள சிரமமும் எங்களுக்குத் தெரியும். ஊசி மருந்தைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் கொண்டுவர வேண்டும். பலருக்குப் போடும் குப்பியில் சில வகைகளைத் திறந்தால் 6 மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சம் வீண். ஒரு குப்பிக்கு எத்தனை பேர் என்று பார்த்து, பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒரே நாளில் சேர்த்தால் இது சரிவரும். அதற்குப் பட்டியல் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து வைத்திருக்கிறார்; நாற்பது வயதில் படுக்கையில் இருக்கும் ஆணின் பெயர் அதில் இராது. கொடுப்பனவு பெறுவோரின் பெயர்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் இருக்கின்றன. முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே, உரியவர்களின் சம்மதத்தோடு, இரண்டு பதிவுகளையும் ஒப்பிடுமாறு பணிக்க வேண்டுகிறோம். கொடுப்பனவு கிடைக்காதவர்களைச் சேர்த்துத் தர எங்கள் குழு தயார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் 2006இல் வந்த அணுகும் வசதி ஒழுங்குவிதிகளும் நடைமுறையில் உள்ளன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. அதனால் நாங்கள் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை.

அடுத்த முகாமுக்கான இடத்தை முடிவுசெய்யும் முன் எங்கள் குழுவில் இருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். நான் என் நாற்காலியோடு வருகிறேன், அந்த அக்காவும் வருவார். தடங்கல் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
செயலாளர்

பிரதி: பிரதேச செயலாளர், சுகாதார வைத்திய அதிகாரி