வேலை துவாஸுக்கு மாறியதை அவளிடம் எப்படிச் சொல்வது

அன்புக் கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதுதான் காலையிலிருந்து மனதில் ஓடுகிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் ஆபீஸ் என்று சொல்லி இரண்டு இன்டர்வியூ முடித்த பெண்ணிடம், வேலை இப்போது துவாஸ் கிடங்கில், கொள்முதலோடு சரக்குக் கணக்கும் பார்க்க வேண்டும் என்று நீ சொல்லியாக வேண்டும். உன் மேனேஜரோ, "ஆஃபர் லெட்டரில் புது முகவரியைப் போட்டு அனுப்பு, போதும்" என்கிறார். அதை மட்டும் செய்யாதே.

நான் ஜூரோங்கில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அதைத்தான் செய்தேன். அந்தப் பையன் கடிதத்தைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டான், பத்தாம் நாள் நின்றுவிட்டான். இரண்டாவதாக வைத்திருந்தவரும் அதற்குள் வேறிடம் போய்விட்டார். மறுபடி விளம்பரத்திலிருந்து ஆரம்பித்தோம்.

பொறுப்புகள், வேலை நேரம், சம்பளம் எல்லாவற்றையும் எழுத்தில் தர, சேர்ந்த நாளிலிருந்து 14 நாள் இருக்கிறது என்று உன் மேனேஜர் சொல்லலாம். சிங்கப்பூர்ச் சட்டப்படி சரிதான். ஆனால் அவள் பழைய வேலைக்கு ராஜினாமா கொடுப்பது சேருவதற்கு முன்னால் அல்லவா? அதற்கும் முன்பே அவளுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் மேனேஜரிடம் கேட்டுக்கொள்: இடமாற்றம் நிரந்தரமா, கூடுதல் வேலைக்குச் சம்பளம் ஏறுமா, கம்பெனி பஸ் எங்கிருந்து கிளம்பும். அவருக்கே தெரியாததை, இன்னும் முடிவாகவில்லை என்று அவளிடம் அப்படியே சொல். பிறகு போன் செய். மெயில் அதற்கு அப்புறம், பேசியதை எழுதிக் கொடுக்க மட்டும்.

அவள் பாசிர் ரிஸில் இருக்கிறாள் என்றாய். துவாஸ் லிங்க் அதே ரயில் பாதையின் மறுமுனை. ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் பஸ். பிள்ளை வேறு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில், அதை ஏழு மணிக்குள் அழைத்து வர வேண்டும். ஆறு மணிக்கு வேலை முடிந்தால் எப்படி வந்து சேர்வாள்? இதை நீயே எடுத்துப் பேசு. அவளாகச் சொல்லத் தயங்குவாள்.

"இன்னும் விருப்பம் இருக்கிறதா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் உடனே சரி என்பாள். அந்தச் சரியை நம்பாதே. "நீங்கள் விண்ணப்பித்த வேலை இதுவல்ல, மாற்றியது நாங்கள். ஒரு காலையில் துவாஸ் வரை போய்ப் பாருங்கள், வியாழக்கிழமை பேசலாம்" என்று சொல். பஸ் எத்தனை மணிக்கு, கணக்கெடுப்பு சனிக்கிழமையா என்று கேட்டுத் திரும்ப அழைத்தால், உண்மையாகவே யோசிக்கிறாள் என்று அர்த்தம். ஒன்றுமே கேட்காமல் தலையாட்டினால் நீ இன்னொரு முறை பேசு.

அதுவரை இரண்டாவது ஆளுக்கு 'இல்லை' என்று சொல்லிவிடாதே. அவள் மறுத்தால் கோப்பில் 'விலகினார்' என்று எழுதாதே, 'வேலை மாறியது' என்று எழுது. அடுத்த வருஷம் அவள் திரும்ப விண்ணப்பித்தால், 'விலகினார்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்தே யாராவது தள்ளிவிடுவார்கள்.

வியாழன் ராத்திரி அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் சொல்.

அம்மா