மேலூர் வீட்டு ஜன்னலுக்குக் கொசுவலை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான், பங்குனியில் குடும்பத்தோடு வருகிறோம். இப்போது நீ கேட்ட விஷயம்: புது வீட்டு ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் எந்தக் கொசுவலை வாங்குவது, கிழிந்தால் எப்படிச் சரிசெய்வது என்று.

ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் ஒரே வலையை வாங்காதே. ஜன்னலுக்கு ஃபைபர் கிளாஸ் வலை போதும், வெயிலில் நைலான் மாதிரி சீக்கிரம் நொறுங்காது. ஸ்டீல் வலை எலி, அணில் தொல்லை இருக்கிற அடுப்படி ஜன்னலுக்கு மட்டும் போடு. கண் எவ்வளவு பொடிசோ அவ்வளவு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதே, கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றும் குறையும், தூசியும் சீக்கிரம் அடைக்கும், நம்ம ஊர் சித்திரைப் புழுக்கத்தில் அது தாங்காது. ஸ்கேலை வைத்து எண்ணிப் பார், ஒரு அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 கண், இன்னொரு பக்கம் 16 இருந்தால் கொசுவுக்குச் சரியான அளவு.

கட்டில் வலைக்குக் கண் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது பழைய வழக்கம், அதாவது 12-க்கு 13. பாலியெஸ்டரில் பின்னிய வலையாகப் பார்த்து வாங்கு. மதுரை விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைக்குப் போனால் விரல் நகத்தால் ஒரு கண்ணை லேசாகத் தள்ளிப் பார்: நூல் நகர்ந்து கண் அகன்றுவிட்டால் அந்த வலை வேண்டாம், நாலு தடவை துவைத்ததும் அங்கங்கே வாய் பிளந்துவிடும். அகலமும் தாராளமாக இருக்கட்டும். தூக்கத்தில் கையோ காலோ வலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் நடக்கிறது.

அப்புறம் கிழிசல். அக்கா வீட்டுக் கட்டில் வலையில் ஆணி மாட்டி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கிழிந்திருந்தது. அதை அப்படியே இழுத்துத் தைத்தால் சுற்றிலும் உள்ள கண்கள் இழுபட்டு அகலும், கொசு அந்த வழியாக வரும். அதனால் பழைய வலையிலிருந்து, ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலம் பெரிதாக ஒரு துண்டு வெட்டி மேலே வைத்து, பாலியெஸ்டர் நூலால் ஓட்டையைச் சுற்றி ஒரு தையல், துண்டின் ஓரத்தில் இன்னொரு தையல் போட்டுக் கொடுத்தேன். நூலை இறுக்கக் கூடாது, வலை சுருங்காமல் தட்டையாகக் கிடக்க வேண்டும். பருத்தி நூல் துவைத்தால் சுருங்கும், அதைத் தவிர்த்துவிடு. தையலின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதே, உருகிவிடும். ஊசி நுழையும் அளவு ஓட்டைக்கு ரெண்டு தையல் போதும். ஜன்னல் ஃபைபர் வலையில் சின்ன ஓட்டை என்றால் நிறமில்லாத நகப்பாலிஷ் ஒரு சொட்டு வைத்து அடைத்துவிடலாம்.

வலையைப் பகலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடி, விட்டுப்போன ஓட்டை பளிச்சென்று தெரியும். ஜன்னலில் வலையைவிட ஓரத்து இடுக்கில்தான் கொசு அதிகம் நுழையும், வலையை மாட்ட வெல்க்ரோ ஒட்டும்போது ஜன்னல் சட்டத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து மூலை வரைக்கும் ஒட்டச் சொல். ஜன்னல் அளவுகளை எழுதி அனுப்பு, எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

உன்
குமரேசன்