மார்ச் 10 சேமிப்புக் கூட்டம்: பேரேட்டில் ஏற்ற வேண்டிய கணக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கணக்கைச் சரிபார்த்து, 15ஆம் தேதிக்குள் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. முன் இருப்பு ரூ.18,600. 12 பேரின் சந்தா ரூ.2,400, திரும்பி வந்த அசல் ரூ.6,000, வட்டி ரூ.400 ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் ரூ.27,400.

2. உறுப்பினர் எண் 7க்கு ரூ.10,000, எண் 11க்கு ரூ.8,000 கடன் வழங்கியபின் இருப்பு ரூ.9,400, வங்கியில் 9,000, கையில் 400.

3. நிலுவைக் கடன் 40,000இலிருந்து 6,000 கழிந்து, புதிய 18,000 சேர்ந்து ரூ.52,000 ஆகிறது. தனிநபர் ஏடுகளின் கூட்டுத்தொகை இதோடு ஒத்துப்போகாவிட்டால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் வட்டி அசலில் கழிக்கப்பட்டிருக்கும்.

4. எண் 4 செலுத்த வேண்டிய 1,100க்குப் பதில் 600 மட்டும் கட்டியதால், முதலில் வட்டி 100 எடுக்கப்பட்டு, மீதி 500 மட்டுமே அசலில் வரவு வைக்கப்பட்டது. அவருடைய அசல் 10,000இலிருந்து 9,500 ஆனது. தவறிய 500, அடுத்த தவணை 1,000, மாதம் 1 சதவீத வட்டி 95 என அடுத்த முறை ரூ.1,595 செலுத்த வேண்டும்.

5. ஏப்ரல் 10 மாலை 4 மணிக் கூட்டத்தில் எண் 7 ரூ.1,100, எண் 11 ரூ.1,080 செலுத்த வேண்டும். இவை கடன் தவணை மட்டுமே, சந்தா தனி.

உங்கள் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட்டு, 'சரி' என்றோ வேறுபடும் தொகையையோ உறுப்பினர் எண்ணுடன் பதிவிடவும்.

– கணக்குப் பொறுப்பாளர்