கூரை மாறாது, இலை மாறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஆங்கில ஒருமை, பன்மைப் பயிற்சி ஒன்று வந்திருந்தது. 'எஃப்-இல் முடியும் சொல்லா? எஃப்பை எடுத்துவிட்டு வி-இ-எஸ் போடு' என்று மேலே ஒரு வரி. ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை அப்படியே நம்பி லீவ்ஸ், ரூவ்ஸ், சீவ்ஸ், கிளிவ்ஸ் என்று எழுதி வைத்துவிட்டாள். ஸ்கார்ஃபுக்கு மட்டும் ஏனோ ஸ்கார்ஃப்ஸ். கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்தால் லீவ்ஸ் சரி, ரூஃப், சீஃப், கிளிஃப் மூன்றும் 'விதிவிலக்கு', ஸ்கார்ஃப்ஸ் தவறு. ஐந்துக்கு ஒன்று. "தாத்தா, நீங்க சொன்ன மாதிரி எழுதினா மார்க் போகுமா?" என்கிறாள், அந்த வரியை நானே எழுதியது போல. பாலக்கோட்டில் பல வருஷம் இங்கிலீஷ் நடத்தியவன் என்பதால் எனக்கும் பங்கு உண்டுதான்.

விதியைத் தலைகீழாகப் போட்டிருக்க வேண்டும். பொதுவாக எஸ் சேர்த்தால் போதும். கட்டாயம் மாறுகிற சொற்கள்தான் கொஞ்சம்: லீஃப், லோஃப், தீஃப், ஷீஃப், காஃப், ஹாஃப், எல்ஃப், செல்ஃப், ஷெல்ஃப், வுல்ஃப், நைஃப், லைஃப், வைஃப். பதிமூன்று. இவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் விதிவிலக்குப் பட்டியலே வேண்டாம்.

இவை மட்டும் ஏன் மாறுகின்றன என்பதை என் பேத்திக்குத் தமிழை வைத்துத்தான் சொன்னேன். 'படம்', 'பட்டம்' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து அதே டகரம்தான். இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நின்றால் மெலிந்து ஒலிக்கிறது, இரட்டித்தால் வலுவாக நிற்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் எஃப்பும் இப்படித்தான் இருந்தது. ரொட்டிக்கு ஹ்லாஃப் என்பார்கள். அதுதான் இன்றைய லோஃப். பன்மையில் பின்னால் 'அஸ்' என்று ஓர் உயிரொலி சேரும். உடனே நடுவில் அகப்பட்ட எஃப் மெலிந்து ஹ்லாவஸ் ஆகிவிடும். எழுத்தில் அப்போதும் எஃப்தான், நம் டகரம் போல ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. பின்னாளில் அந்த உயிரொலி தேய்ந்து போனது. வி ஒலி மட்டும் தங்கிவிட்டது, அதற்குத் தனி எழுத்தும் வந்தது.

கஃப், பஃப் ஏன் மாறவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. அவற்றில் எஃப் இரட்டை, நம் பட்டம் மாதிரி. கிளிஃபில் இன்று இரட்டை எஃப் எழுதினாலும் பழைய ஆங்கிலத்தில் அது ஒற்றைதான், பன்மையில் மெலிந்தும் ஒலித்தது. பிறகு ஒருமையின் எஃப்பே பன்மையிலும் நிலைத்துவிட்டது. ஒகேனக்கல் பாறைச் சுவர்களைப் பற்றி எழுதினாலும் கிளிஃப்ஸ்தான். (ஸ்டாஃப் என்ற சொல் கைத்தடியைக் குறிக்கும்போது ஸ்டேவ்ஸ் என்றும் ஆகும். அது பழைய வழக்கு, பிள்ளைகளுக்கு வேண்டாம்.)

சீஃப் கதை வேறு. அது 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வீட்டுக்குள் அந்த மெலிவு நடந்து முடிந்த பிறகு வந்த விருந்தாளி, அதனால் சீஃப்ஸ். தீஃப் உள்ளூர்க்காரன், அதனால் தீவ்ஸ். பார்க்க ஒரே அச்சு, பிறந்த ஊர்தான் வேறு. ஹேண்ட்கர்சீஃபில் இருக்கும் சீஃபும் இதே பிரெஞ்சுச் சொல்தான். தலை என்று பொருள். கர்சீஃப் என்றால் முதலில் தலையில் கட்டும் துணி.

ரூஃபும் கிளிஃப் மாதிரி கொஞ்சம் மக்கர். அது பழைய உள்ளூர்ச் சொல், மாறியிருக்க வேண்டியது. ஆனால் ஒருமையில் இருக்கும் எஃப்பையே பன்மையிலும் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே ஜெயித்துவிட்டது. ரூவ்ஸ் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. பரீட்சையில் ரூஃப்ஸ் என்றே எழுதட்டும்.

ஸ்கார்ஃபுக்கு நேர் எதிராக நடந்தது. பிரெஞ்சிலிருந்து வந்து ஸ்கார்ஃப்ஸ் என்றுதான் இருந்தது. காஃப், ஹாஃப் கூட்டத்தைப் பார்த்துப் பிறகு ஸ்கார்வ்ஸும் ஆனது. இன்று அதிகம் புழங்குவது ஸ்கார்வ்ஸ். ஆனாலும் அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஹூஃப், டுவார்ஃப் இரண்டுக்கும் அப்படியே. எனவே 'ஸ்கார்ஃப்ஸ் தவறு' என்ற உங்கள் விடைதான் தவறு. அடுத்த வாரம் திருத்தம் போடுங்கள். மேலே இருக்கும் அந்த ஒரு வரியையும் மாற்றுங்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பேத்தி தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு லீஃப், லீவ்ஸ் என்று சொல்லிப் பார்த்தாள். எஃப்புக்குத் தொண்டை சும்மா இருக்கிறது, வி வந்தால் அதிர்கிறது. அப்புறம் படம், பட்டம். அதிலும் அதிர்வு வந்து போவது விரலுக்குத் தெரிந்தது. உங்கள் பயிற்சியில் ஐந்துக்கு இரண்டு என்று தானே திருத்திக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.